காலங்கடந்து தட்டிய கதவு



குடும்பத்தின் பணவிவகாரங்களையும் சட்டச் சிக்கல்களையும் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களுக்கு இப்பகுதியில் நாம் விடை கூறி வருகிறோம். மனத்துக்கு உவப்பான விடையை எழுதும்போது பேனா தானே ஓடும். "உங்கள் கோரிக்கை நிறைவேறாது" என்று எழுத நேரும்போதோ அது தயங்கி நிற்கும். 2024 ஆம் ஆண்டில் தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு அப்படித் தயங்கித் தயங்கியே விடை எழுதினோம். அந்த விவகாரம் இப்போது முற்றாக முடிந்துவிட்டது. தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருக்கட்டும் என்று கடிதம் எழுதிய சகோதரரே இசைவு தந்திருப்பதால், ஊரும் பேரும் இன்றி அதை இங்கே எடுத்துரைக்கிறோம்.

அவர் தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடையின் பின்பகுதியில் இரண்டு மோட்டார் தையல் இயந்திரங்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆறு கரையுடைத்துப் பாய்ந்தது. நம் சகோதரரின் கடைக்குள் மூன்று அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென வாங்கி அடுக்கியிருந்த துணிகள் சேற்றில் ஊறின.

20 ஆம் தேதி தண்ணீர் வடிந்தது. அவரும் மனைவியும் மகனும் இரவு பகலாகச் சேற்றை வாரிக் கொட்டினார்கள். துணிகள் நாற்றமெடுக்கத் தொடங்கவே, 23 ஆம் தேதி எல்லாவற்றையும் கந்தல் வியாபாரி ஒருவருக்கு எடை போட்டு ரூ. 6,500க்கு விற்றுவிட்டார்கள். இயந்திரங்களின் மோட்டார்களுக்குள் சேறு புகுந்திருந்தது. மகன் அவற்றைப் பல கோணங்களில் படம் எடுத்து, பழுது பார்ப்பவருக்குத் தம் கைப்பேசியிலிருந்து அனுப்பினார். 24 ஆம் தேதி மாலை, இரவல் இயந்திரம் ஒன்றைக் கொண்டு கடையைத் திறந்தார்கள். விழாவுக்குத் துணி தைக்கக் கொடுத்தவர்களை ஏமாற்றக்கூடாது என்பது அவர்களுடைய கவலை.

மூன்று மாதங்கள் சென்றன. 2024 மார்ச் மாதம், அதே தெருவில் கடை வைத்திருக்கும் மற்றொருவர் தமக்கு வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைத்ததாகச் சொன்னபோதுதான், தம் கடைக்கும் காப்பீடு இருப்பது இவருக்கு நினைவுக்கு வந்தது. கடைக்காக வங்கியில் கடன் வாங்கியபோது, வங்கியே சரக்குக்கும் இயந்திரங்களுக்கும் காப்பீடு எடுத்து, ஆண்டுதோறும் அவர் கணக்கிலிருந்து பிரிமியத்தைப் பிடித்து வந்தது. பாலிசிப் பத்திரமும் தபாலில் வந்திருந்தது. ஏதோ கடன் சம்பந்தமான காகிதம் என்று எண்ணி, பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்ததாக அவர் ஒளிவின்றி எழுதியிருந்தார்.

மார்ச் 26 ஆம் தேதி, அதாவது 18 ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 99 ஆம் நாள், அவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு முதன்முதலாக அறிவித்தார். துணிகளுக்கு ரூ. 4,60,000, இயந்திரங்களைப் பழுது பார்த்த செலவு ரூ. 38,400 என்று கோரினார். நிறுவனத்திலிருந்து இரண்டே வரியில் விடை வந்தது: "தாங்கள் 99 நாட்கள் தாமதமாக அறிவித்துள்ளபடியால், பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டுள்ளது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து அவர் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இந்த நிராகரிப்பு நியாயந்தானா? இரக்கம் காட்டி ஏதாவது கொடுக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லையா? மூன்றாவது கேள்வி இது: "மூன்று மாதம் நோய்வாய்ப்பட்டிருந்ததாக ஒரு டாக்டர் சான்றிதழ் வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்லுகிறார். அப்படிச் செய்யலாமா?"

முதற் கேள்விக்கு விடை காணுமுன், நிபந்தனை எதற்காக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இழப்பு நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத சொத்துக் காப்பீட்டுப் பாலிசியைக் காண்பது அரிது. நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் தீக்காப்பீட்டுப் பாலிசியில், உடனே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதோடு, 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் விவரமான கோரிக்கையைத் தர வேண்டும் என்றும் உண்டு. நம் சகோதரரின் பாலிசியில் கோரிக்கைப் படிவத்துக்கு 30 நாட்கள் தரப்பட்டிருந்தன. அறிவிப்பு என்பது வேறு, கோரிக்கை என்பது வேறு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். "என் கடையில் வெள்ளம் புகுந்தது, வந்து பாருங்கள்" என்பது அறிவிப்பு. அதற்குத் தொகையும் கணக்கும் வேண்டியதில்லை. இன்னின்ன பொருள்கள் இவ்வளவு பெறுமானத்துக்கு அழிந்தன என்பது கோரிக்கை. கணக்கு முடியட்டும், சேர்த்து எழுதலாம் என்று அறிவிப்பையும் தள்ளிப் போடுகிறவர்கள் பலர். அது தவறு.

உடனே என்று ஏன் சொல்கிறார்கள்? அறிவிப்பு வந்ததும் நிறுவனம் இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்புகிறது. இவரை சர்வேயர் என்பார்கள். நிலம் அளப்பவர் அல்லர். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்புகளை உரிமம் பெற்ற இத்தகைய மதிப்பீட்டாளர் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். வெள்ளம் வடிந்த ஒரு ஜவுளிக்கடைக்குள் அவர் நுழைந்தால் எதைப் பார்ப்பார்? முதலாவது, சுவரில் தண்ணீர் நின்ற கறை. அது மூன்றடியில் இருந்தால், நான்காம் அடியில் இருந்த தட்டுகளின் துணி நனைந்திராது. இரண்டாவது, நனைந்த துணிகளையே எண்ணுவார். சேலை எத்தனை, சட்டைத்துணி எத்தனை மீட்டர் என்று குறிப்பார். மூன்றாவது, நனைந்தவற்றுள் எவை துவைத்துக் குறைந்த விலைக்கேனும் விற்கத் தகுந்தவை, எவை அறவே பாழானவை என்று பிரிப்பார். மீட்கத் தகுந்தவற்றின் விலையை இழப்பிலிருந்து கழிக்க வேண்டும். இம்மூன்றும் சில நாட்களுக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சுண்ணாம்பு அடித்தால் கறை மறையும், துணி அழுகிவிடும், அல்லது கந்தல் வண்டியில் ஏறிப் போய்விடும்.

ஆகவே இந்நிபந்தனை, மறதிக்காரரைத் தண்டிக்க வைத்த பொறியன்று. சான்று அழியுமுன் அதைப் பார்க்கும் வாய்ப்பு நிறுவனத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் உயிர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நிராகரிப்புக் கடிதம் எங்கே சரி, எங்கே தவறு என்பது விளங்கும்.

அந்த இரண்டு வரிக் கடிதம் போதாது என்று நாம் அவருக்குத் தெளிவாகவே எழுதினோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 ஆம் தேதி எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அறிவிப்புக்குரிய கால வரம்பு தனித்து நின்று செயல்படும் ஒன்றன்று, முழுமுதலானதும் அன்று என்பது அதன் சாரம். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று விசாரித்துப் பதிவு செய்யாமலும், உரிய காலத்தில் அறிவித்திருந்தாலும் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டேயிருக்கும் என்று தெளியாமலும், தாமதத்தை மட்டும் காட்டி மறுத்துவிடக் கூடாது என்று அது அறிவுறுத்தியது. காப்பீடு செய்தவரின் கைமீறிய காரணங்களால் தாமதம் ஏற்பட்டதாக நிறுவப்பட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளவும் வழி செய்யச் சொன்னது.

நீதிமன்றமும் இவ்வழியிலேயே சென்றிருக்கிறது. திருட்டுப் போன வாகனம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தனர். உரிமையாளர் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். நிறுவனத்துக்கு மட்டும் பல வாரங்கள் கழித்து அறிவித்தார். போலீசார் உடனே தேடத் தொடங்கிவிட்டதால், திருட்டு மெய் என்பதற்கும் வாகனத்தைத் தேடுவதற்கும் தாமதத்தினால் குந்தகம் ஏதும் இல்லை. ஆதலால் அந்தத் தாமதம் ஒன்றையே காட்டி மறுக்கக்கூடாது என்பது தீர்ப்பு.

இவ்வளவையும் படித்த நம் சகோதரருக்கு நம்பிக்கை துளிர்த்திருக்கும். எனினும் அடுத்த பகுதியையும் எழுதாமல் விடுவது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகும். எனவே எழுதினோம்.

திருட்டு வழக்கில் தப்பிப் பிழைத்தது எது? சான்று. முதல் நாளே காவல் நிலையத்தில் அது பதிவாகிவிட்டது. நம் சகோதரரின் வழக்கில் வெள்ளம் வந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் சான்றிதழும் அவரிடம் இருந்தது. ஆனால் வெள்ளத்தில் எவ்வளவு துணி அழிந்தது? அதற்கு அவர் காட்டியது, நவம்பர் 30 ஆம் தேதி நிலவரப்படி வங்கிக்குக் கொடுத்த சரக்கு இருப்புப் பட்டியல் ஒன்றே. அதன்படி அன்று கடையில் ரூ. 5,10,000 பெறுமான துணி இருந்தது. நவம்பர் 30க்கும் டிசம்பர் 17க்கும் இடைப்பட்ட நாட்கள் எவை? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய, ஆண்டிலேயே அதிக விற்பனை நடக்கும் நாட்கள். அந்நாட்களில் எவ்வளவு விற்றுப் போயிற்று, எவ்வளவு புதிதாக வந்தது என்பதற்கு முழுமையான ரசீதுகள் இல்லை. எந்தத் துணி கீழ்த்தட்டில் இருந்தது, எது மேல்தட்டில் இருந்தது என்பதற்கும் படம் இல்லை. மகன் இயந்திரங்களைப் படம் எடுத்தாரேயன்றித் துணிகளை எடுக்கவில்லை. கந்தல் வியாபாரி எடை போட்டு வாங்கியதற்கும் காகிதம் இல்லை.

இந்நிலையில் ரூ. 4,60,000 என்ற தொகை உண்மையாகவே இருக்கலாம். அவர் பொய் சொல்பவர் அல்லர் என்று நாம் நம்புகிறோம். ஆனால் அந்தத் தொகை ரூ. 2,00,000 ஆகவும் இருந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவரிடமே அதை மறுக்க ஒன்றும் இல்லை. இழப்பை நிறுவும் பொறுப்பு கோருகிறவருடையது. உரிய காலத்தில் அறிவித்திருந்தால் சர்வேயரின் அறிக்கையே அவருக்குச் சாட்சியாக நின்றிருக்கும். தாமதம் பறித்தது அந்தச் சாட்சியைத்தான்.

காரணத்தையும் பார்த்தோம். மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தவருக்கும், சாலை துண்டிக்கப்பட்டுத் தொலைபேசியும் இயங்காத ஊரில் இருந்தவருக்கும் தாமதம் கைமீறியது. வெள்ளத்துக்குப் பிந்தைய சில நாட்களை இவருக்கும் அப்படியே கணக்கில் விடலாம். ஆனால் ஜனவரியும் பிப்ரவரியும் அப்படிப்பட்டவை அல்ல. பத்திரம் வீட்டில் இருந்தது; படிக்கப்படவில்லை. வங்கியில் வாய்மொழியாகச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். கடன் கொடுத்தது வங்கி, காப்பீடு கொடுத்தது நிறுவனம். வங்கிக்கு எழுத்து மூலம் கொடுத்து, முத்திரையிட்ட நகல் பெற்றிருந்தால் அதைக் கொண்டு வாதாட இடமிருந்திருக்கும். கவுண்டரில் சொன்ன சொல் காற்றோடு போயிற்று.

ஆகவே, "துணிகளுக்கான தொகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்" என்று திட்டமாக எழுதினோம். அந்த வரியை எழுதியபோது, சேற்றில் நின்று துணிகளை அள்ளிய அந்தக் குடும்பம் நம் கண்முன் நின்றது உண்மை. ஆயினும் வீண் நம்பிக்கையைக் கொடுத்து ஒருவரை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது இரக்கம் ஆகாது.

இனி, இரண்டாம் கேள்வி. சலுகை காட்ட நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டா? உண்டு, அது மூன்று வகைப்படும். அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது.

முதல் வகை, காலத்தை நீட்டித்தல் அல்லது தாமதத்தைப் பொறுத்தல். மேலே சொன்ன தீக்காப்பீட்டுப் பாலிசியிலேயே, 15 நாட்கள் என்றதை அடுத்து, "அல்லது நிறுவனம் எழுத்து மூலம் அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள்" என்ற கருத்துள்ள சொற்கள் இருக்கின்றன. கணக்குகள் நனைந்துவிட்டன, தணிக்கையாளரிடமிருந்து நகல் வரவேண்டும் என்றால், கெடு முடியுமுன் ஒரு கடிதம் எழுதி நீட்டிப்புக் கேட்கலாம். தாமதம் பொறுக்கப்பட்டால் கோரிக்கை முழுத்தகுதி பெறும். ஆனால் இழப்பை நிறுவ வேண்டிய கடமை அப்போதும் போகாது.

இரண்டாம் வகை, குறைத்துத் தீர்த்தல். நிபந்தனை மீறப்பட்டது, ஆனால் இழப்பின் வேருக்கு அது போகவில்லை என்று கருதும்போது, மதிப்பிட்ட தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து முடிப்பார்கள். வாகனக் காப்பீட்டில் இம்முறை நன்கு பழக்கமானது. அங்கே 75 விழுக்காடு வரை கொடுத்துத் தீர்க்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றமும் 2010 இல் ஏற்றிருக்கிறது.

மூன்றாம் வகை, கருணைத் தொகை. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தினால் மட்டும் தருவது. இதை உரிமையாகக் கேட்க இயலாது. ஒருவருக்குக் கொடுத்தார்கள் என்பது மற்றவருக்கு முன்மாதிரி ஆகாது. உள்ளூர்க் கிளை மேலாளருக்குப் பெரும்பாலும் இதற்கு அதிகாரம் இராது. மேலும், நிறுவனம் அள்ளிக் கொடுப்பது தன் சொந்தப் பணத்தை அன்று. தவறாமல் பிரிமியம் கட்டிய ஆயிரம் கடைக்காரர்களின் பொதுப்பணம் அது. சான்று இல்லாத ஒருவருக்கு இரக்கத்தால் கொடுத்தால், அதே தெருவில் சான்றோடு வந்து குறைவாகப் பெற்றவர் என்ன நினைப்பார் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டியிருக்கிறது.

இம்மூன்றில் எது நம் சகோதரருக்குப் பொருந்தும் என்று பார்த்தபோதுதான் ஓர் ஒளிக்கீற்று தெரிந்தது. துணிகளுக்குச் சான்று இல்லை. இயந்திரங்களுக்கோ இருந்தது! டிசம்பர் 20 ஆம் தேதி மகன் அனுப்பிய படங்கள் நாளும் நேரமும் பதிந்து கைப்பேசியில் கிடந்தன. பழுது பார்த்தவரின் ரசீது இருந்தது. கழற்றிய பழைய மோட்டார்கள் சேறு உறைந்தபடியே பின்கட்டில் சாக்கில் கிடந்தன. இயந்திரங்களின் எண்களும் பாலிசிக்கான பட்டியலில் இருந்தன. இந்தப் பகுதியில் நிறுவனத்துக்குத் தாமதத்தால் நேர்ந்த குந்தகம் மிகச் சிறிது. மொத்தக் கோரிக்கையும் ஒரே கட்டாகப் போனதால், ஒரே கட்டாகத் திரும்பி வந்துவிட்டது.

எனவே நாம் சொன்ன யோசனை இது: நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மறுபரிசீலனை மனு எழுதுங்கள். துணிகளைப் பற்றி உண்மையை உள்ளபடி கூறி, நிறுவனத்தின் முடிவுக்கு விட்டுவிடுங்கள். இயந்திரங்களைத் தனியே பிரித்து, படங்களையும் ரசீதையும் இணைத்து, பழைய மோட்டார்களைப் பார்வையிட அழையுங்கள். 2011 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, தாமதத்தின் காரணத்தைப் பதிவு செய்து முடிவு கூறும்படி கேளுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு நம் விடை ஒரே சொல்: கூடாது. நோயில்லாதவருக்கு நோயாளிச் சான்றிதழ் பொய். அதை எழுதுகிற மருத்துவரும் அப்பொய்யில் பங்காளி. அறநெறி ஒருபுறம் இருக்க, சட்டத்தின் நிலையையும் அவர் அறிய வேண்டும் என்று எழுதினோம். பொய்யான ஆவணத்தைக் கொண்டு கோரினால் பாலிசியின் பயன் முழுவதும் பறிபோகும் என்பது எல்லாச் சொத்துக் காப்பீடுகளிலும் உள்ள நிபந்தனை. டிசம்பர் 24 ஆம் தேதி அவர் கடையைத் திறந்து துணி தைத்துக் கொடுத்ததை ஊரே அறியும். அந்தச் சான்றிதழ் ஒன்று போதும், நியாயமாகக் கிடைக்கக்கூடிய இயந்திரத் தொகையையும் அடித்துக்கொண்டு போக. தாமதம் பொறுக்கப்படலாம், பொய் பொறுக்கப்படாது.

அவர் நண்பரின் பேச்சைக் கேட்காமல் மனுவை எழுதினார். ஆறு வாரங்களுக்குப் பின் வந்த இரண்டாம் விடை, முதல் விடையைப் போல் இல்லை. ஒரு மறுப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு எனலாம். வெள்ளத்தால் அவர் குடும்பம் பட்ட துன்பத்தை உணர்வதாகத் தொடங்கியது. இழப்பு நேர்ந்த நாள், அறிவிப்பு வந்த நாள், நிபந்தனையின் எண் ஆகியவற்றைக் குறித்தது. தாமதத்துக்கு அவர் கூறிய காரணத்தை எடுத்தெழுதி, அது ஏன் போதாது என்று காட்டியது. தாமதம் ஒன்றனால் மறுக்கவில்லை என்றும், துணிகளும் கணக்கும் இல்லாமையால் இழப்பின் அளவை நிறுவ இயலாமற் போனதே காரணம் என்றும் விளக்கி, துணிகளுக்கான கோரிக்கையை மறுத்தது. "இது குறித்து மேலும் எங்களிடம் முறையிடுவதால் முடிவு மாறும் என்ற எண்ணத்தைத் தங்களுக்கு ஏற்படுத்த நாங்கள் விரும்பவில்லை" என்று ஒளிவின்றிச் சொன்னது. இறுதியில், இம்முடிவில் நிறைவில்லையெனில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம் என்பதையும் தெரிவித்தது.

இயந்திரங்களைப் பொறுத்தவரை, சர்வேயர் வந்து பழைய மோட்டார்களைப் பார்த்தார். ரூ. 38,400 ரசீதில், வெள்ளத்தோடு தொடர்பில்லாத தேய்மான வேலைக்காக ரூ. 4,900 கழித்தார். மிச்சம் ரூ. 33,500. பாலிசியில் குறித்தபடி அவரே ஏற்க வேண்டிய பங்கு ரூ. 5,000 போக, ரூ. 28,500. தாமதத்தைக் கருதி அதில் 75 விழுக்காட்டை, அதாவது ரூ. 21,375ஐ நிறுவனம் கொடுத்துத் தீர்த்தது. கேட்டது ஏறக்குறைய ஐந்து லட்சம், கிடைத்தது இருபத்தோராயிரம். "ஏமாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போது எனக்கு விளங்குகிறது" என்று அவர் எழுதினார்.

குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்றும் கேட்டார். போகலாம், அது அவருடைய உரிமை. முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டிருக்க வேண்டும். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் விடையின்றி இருந்தாலோ அங்கே செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முதல் இரண்டு வரிக் கடிதத்தோடு விவகாரம் நின்றிருந்தால், நாமே அவரைப் போகச் சொல்லியிருப்போம். ஆனால் அங்கேயும் முதற் கேள்வி, "எவ்வளவு துணி அழிந்தது, எப்படிக் காட்டுகிறீர்கள்?" என்பதாகவே இருக்கும். இதைச் சொன்னோம். அவர் போகவில்லை.

இவ்விதழ் வரும் மாதத்தில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வாசகர்கள் இரண்டு காரியங்களைச் செய்யவேண்டும் என்று விரும்புகிறோம்.

முதலாவது, இன்றே உங்கள் கடன் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். அதில் காப்பீட்டுப் பிரிமியம் என்று ஏதேனும் பிடிக்கப்பட்டிருந்தால், எந்த நிறுவனம், பாலிசி எண் என்ன, அறிவிக்க வேண்டிய தொலைபேசி எண் எது என்று வங்கியில் கேட்டு, வீட்டில் எல்லாரும் அறியும் இடத்தில் எழுதி வையுங்கள். பத்திரம் வரவில்லையெனில் எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, இழப்பு நேர்ந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்குமுன் தொலைபேசியை எடுங்கள். அறிவித்ததும் தருகிற பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றே நான்கு வரிக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். "இன்ன பாலிசி எண்ணின் கீழ் உள்ள என் கடையில் இன்ன தேதி இன்ன நேரத்தில் வெள்ளம் புகுந்தது. சரக்கும் இயந்திரங்களும் சேதமாயின. தொகை பின்னர் தெரிவிக்கப்படும். பார்வையிட ஆள் அனுப்புக" என்பது போதும். தண்ணீர்க் கறையையும் நனைந்த பொருள்களையும் தட்டு தட்டாகப் படம் எடுங்கள். அழுகும் பொருளை வைத்திருக்க முடியாவிட்டால், அப்புறப்படுத்தப் போவதாக எழுதித் தெரிவித்து, ஒரு பகுதியையேனும் மாதிரிக்கு எடுத்து வையுங்கள். விற்றால் ரசீது வாங்குங்கள்.

நாள் கடந்த பின்னரே காப்பீடு இருப்பது தெரியவந்தால், இனிப் பயனில்லை என்று வாளாவிருக்கவும் வேண்டாம். தெரிந்த அன்றே அறிவித்து, தாமதத்தின் மெய்யான காரணத்தை எழுதி, எஞ்சியுள்ள சான்றுகளைத் திரட்டிக் கொடுங்கள். சான்று உள்ள பகுதியைத் தனியே பிரித்துக் கேளுங்கள். நம் சகோதரர் முதலிலேயே அப்படிக் கேட்டிருந்தால், அந்த ரூ. 21,375 சில மாதங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

அவர் கடையில் இப்போது அந்த இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாலிசிப் பத்திரம் பிரிக்கப்பட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டப்பட்டிருப்பதாக மகன் எழுதியிருக்கிறார்.